எட்டுத் தாள், ஒரே எடை: கார்பன் பலகைக்குள் ஒளிந்திருக்கும் வரிசை

சிறிய பந்தய ட்ரோன்களின் சட்டத்தைப் பெரும்பாலும் ஒரு கார்பன் பலகையிலிருந்து சிஎன்சி இயந்திரத்தில் அறுத்தெடுக்கிறார்கள். நடுவில் ஒரு சதுரம், அதிலிருந்து பெருக்கல் குறி போல நான்கு கைகள், ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு மோட்டார். பலகை வீணாகாமல் இருக்க, சட்டத்தின் சதுரத்தைப் பலகையின் விளிம்புக்கு இணையாக வைத்து அறுப்பார்கள். அப்போது நான்கு கைகளும் பலகையின் இழைகளுக்கு 45 டிகிரி சாய்ந்துவிடும். அந்தப் பலகையில் இழைகள் நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் மட்டுமே ஓடினால், கைகளின் விறைப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடும். எடை குறையவில்லை, காசும் குறையவில்லை. விறைப்பு மட்டும் போய்விட்டது. விறைப்பு கால் பங்கானால் கை அதிரும் வேகம் பாதியாகும். அது மோட்டார் சுழலும் வேகத்துக்குப் பக்கத்தில் வந்து விழுந்தால், கையின் நடுக்கத்தை ஜைரோ உணரி ட்ரோனின் அசைவு என்று எடுத்துக்கொள்ளும். மோட்டாரை மாற்றியும் மென்பொருளில் வடிகட்டியைக் கூட்டியும் பார்க்கிறவர்கள் பலகையைச் சந்தேகிப்பதில்லை.

காரணம் ஒற்றைத் தாளில் இருக்கிறது. கார்பன் லேமினேட் என்பது எபாக்சி பிசினில் தோய்த்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக வைத்தது. விமானத் தொழிலில் வழக்கமான ஒரு தாளின் கனம் சுமார் 0.125 மில்லிமீட்டர். அதற்குள் ஏழு மைக்ரான் அளவு விட்டமுள்ள இழைகள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருக்கும். பட்டறையில் இதை ப்ளை என்பார்கள். இழையின் வாட்டத்தில் இழுத்தால் இந்தத் தாளின் விறைப்பு சுமார் 140 கிகாபாஸ்கல்; அலுமினியத்தைப்போல இரு மடங்கு. குறுக்கே இழுத்தால் வெறும் 9. குறுக்கே இழுக்கும்போது சுமையைத் தாங்குவது பெரும்பாலும் பிசின்தான், இழை அல்ல. மூங்கிலைப் பிளக்கிறவருக்கு இந்த வித்தியாசம் கை அறிந்த செய்தி.

இடைப்பட்ட கோணங்களில் விறைப்பு மெதுவாகக் குறைவதில்லை, சட்டென்று சரிகிறது. தனித்தாளை இழைக்கு 10 டிகிரி விலகி இழுத்தாலே 140 என்பது 80 ஆகிவிடும். 45 டிகிரியில் 13-தான். தாளை ஒட்டும்போது கண்ணளவில் 5 டிகிரி பிசகினாலும் ஆறில் ஒரு பங்கு விறைப்பு போகும். மற்ற கோணத் தாள்களோடு சேர்ந்து இறுகியபின் இந்த நஷ்டம் ஓரளவு குறையும் என்பது ஆறுதல்.

ஆகவே எந்தப் பக்கத்திலிருந்து எந்தச் சுமை வரும் என்று முதலில் கேட்டுக்கொண்டுதான் கோணத்தைத் தேர்வார்கள். நீளவாட்டில் வரும் இழுவைக்கும் அமுக்கத்துக்கும் 0 டிகிரி. முறுக்கலுக்கு +45-ம் −45-ம் ஜோடியாக. முறுக்கும்போது ஒரு மூலைவிட்டம் நீள்கிறது, மற்றது சுருங்குகிறது. அந்த இரண்டு மூலைவிட்டங்களிலும் இழை இருந்தால் பலகை எதிர்த்து நிற்கும். வெறும் 0 டிகிரித் தாள்களைவிட ±45 ஜோடி அந்த விதத்தில் ஏழு மடங்கு விறைப்பானது. அகலவாட்டில் பிளந்துபோகாமல் பிடித்து வைக்கக் கொஞ்சம் 90 டிகிரி. விமானங்களில் இந்த நான்கு திசைகளைத் தாண்டிப் போவது அபூர்வம். எதிர்பாராத சுமை எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம் என்பதால், ஒவ்வொரு திசையிலும் குறைந்தது பத்து விழுக்காடு இழையாவது இருக்கட்டும் என்பது வடிவமைப்பாளர்களின் பழைய விதி.

நான்கு திசைக்கும் சம பங்கு கொடுத்துவிட்டால் கவலையில்லையே என்று தோன்றும். கொடுக்கலாம். ஆனால் அந்தப் பலகையின் விறைப்பு எந்தத் திசையிலும் சுமார் 54 கிகாபாஸ்கல்தான், அலுமினியத்தின் 70-ஐவிடக் குறைவு. எடை குறைவு என்பதால் கணக்கில் கொஞ்சம் முந்தும். இத்தனை விலை கொடுத்து வாங்கிய பொருளை இப்படிச் செலவழிப்பதைத் துறைக்குள் கறுப்பு அலுமினியம் என்று கேலி செய்வார்கள். சுமை எந்தத் திசையில் வரும் என்று தெரிந்திருந்தும் இப்படிச் செய்வது சோம்பல் என்பதுதான் என் கட்சி.

இதுவரை சொன்னது எந்தக் கோணத்தில் எத்தனை தாள் என்ற எண்ணிக்கை. எந்தத் தாள் மேலே, எந்தத் தாள் நடுவே என்ற வரிசையில்தான் விஷயம் சூடு பிடிக்கிறது.

எட்டுத் தாள்களை எடுத்துக்கொள்வோம்: 0, +45, −45, 90 ஆகிய ஒவ்வொன்றிலும் இரண்டு. அடுக்கி முடித்தால் ஒரு மில்லிமீட்டர் கனப் பலகை. வரைபடத்தில் இதை `[0/45/-45/90]s` என்று எழுதுவார்கள். கடைசியில் உள்ள `s` என்ற எழுத்து, இந்த நான்கையும் மேலிருந்து நடுவரை அடுக்கிவிட்டு, நடுவிலிருந்து கீழே கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி அடுக்கு என்கிறது. ஆக முழு வரிசை 0, 45, −45, 90, 90, −45, 45, 0.

நேராக இழுக்கும் சுமைக்கு இந்த வரிசை ஒரு பொருட்டே இல்லை. எட்டுத் தாளும் ஒரே அளவு நீள்கின்றன. எது மேலே, எது கீழே என்பதால் கூட்டுத்தொகை மாறாது. வளைக்கும்போது அப்படியில்லை. நடுக்கோட்டிலிருந்து ஒரு தாள் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதன் செல்வாக்கு அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. எட்டுத் தாள் பலகையில் வெளிப்புற இரண்டு தாள்கள் மட்டுமே வளைவு விறைப்பில் சுமார் 58 விழுக்காட்டைத் தீர்மானிக்கின்றன. அடுத்த ஜோடி 30, அதற்கடுத்தது 11. நடுவில் இருக்கும் இரண்டு தாள்களுக்கு மிஞ்சுவது ஒன்றரை விழுக்காடு.

இதன் விளைவு இப்படி. 0 டிகிரித் தாள்கள் வெளியே இருந்தால் நீளவாட்டு வளைவுக்கு இந்தப் பலகை கிட்டத்தட்ட 100 கிகாபாஸ்கல் பொருள்போல நடந்துகொள்ளும். அதே எட்டுத் தாள்களில் 90 வெளியேயும் 0 நடுவிலுமாக மாற்றினால் 25. நேராக இழுத்தால் இரண்டும் ஒன்றேதான்; வளைத்தால் நான்கு மடங்கு வித்தியாசம். தரப் பரிசோதனையில் இழுவைச் சோதனை மட்டும் செய்துவிட்டு அனுப்பினால் இந்தத் தவறு பிடிபடாது. தாள்கள் கூடக் கூட, நான்கு கோணங்களையும் பொடிப்பொடியாகக் கலந்து அடுக்க அடுக்க, வரிசையின் இந்தப் பிடி தளரும். நாற்பது தாள் பலகையில் ஒரு தாள் இடம் மாறினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. மெல்லிய பலகையில்தான் இது உயிர்நாடி.

வளைவோடு ஒட்டிய இன்னொரு குணமும் உண்டு. +45-க்கு நிகரான −45 இல்லாவிட்டாலோ, ஒன்று மற்றதைவிட வெளியே தள்ளி இருந்தாலோ, பலகையை வளைக்கும்போது அது கூடவே கொஞ்சம் முறுகும். பொதுவாக இது வேண்டாத தொல்லை. ஆனால் 1984 டிசம்பரில் முதலில் பறந்த க்ரம்மன் எக்ஸ்-29 என்ற அமெரிக்க ஆய்வு விமானம் இந்தத் தொல்லையையே பிழைப்பாக்கிக்கொண்டது. அதன் இறக்கைகள் பின்னோக்கி அல்லாமல் முன்னோக்கிச் சாய்ந்தவை. அப்படிப்பட்ட இறக்கை காற்றில் மேலே வளையும்போது முன்விளிம்பு உயர்ந்து, தூக்குவிசை கூடி, இன்னும் வளைந்து, வேகம் மிஞ்சினால் முறிந்தே போகும். உலோகத்தில் இதைத் தடுக்க வேண்டுமானால் தாங்க முடியாத எடை ஏறும். எக்ஸ்-29-இல் கார்பன் மேலுறையின் இழைகளைக் கோணம் மாற்றி வைத்தார்கள்; இறக்கை மேலே வளையும்போது முன்விளிம்பு கீழ்நோக்கி முறுகி, ஏறிய தூக்குவிசையைத் தானே குறைத்துக்கொண்டது.

இனி கோணல். மேலே சொன்ன கண்ணாடி விதியை மீறினால் என்ன ஆகும் என்று பார்க்கச் சுமை எதுவும் தேவையில்லை. அடுப்பிலிருந்து வெளியே எடுத்தாலே போதும்.

பிசின் தோய்த்த தாள் சுருளை மைனஸ் 18 டிகிரிக் குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை உறையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் ஈரம் பனித்துவிடும். பிறகு வெட்டி, அச்சின்மேல் ஒவ்வொன்றாக ஒட்டி, சில தாள்களுக்கு ஒருமுறை வெற்றிடத்தில் அமுக்கிக் காற்றை எடுத்து, கடைசியில் பையிட்டு மூடி ஆட்டோகிளேவில் வேகவைப்பார்கள். விமானத்தர எபாக்சிக்கு வழக்கமாக 180 டிகிரி. அந்தச் சூட்டில் பலகை தட்டையாகவே இறுகுகிறது. வில்லங்கம் ஆறும்போது வருகிறது. இழையின் வாட்டத்தில் தாள் சுருங்குவதே இல்லை எனலாம். குறுக்கே பிசின் சுருங்குகிறது. 30 சென்டிமீட்டர் அகலத் தாள் 150 டிகிரி ஆறும்போது சுமார் ஒன்றேகால் மில்லிமீட்டர் குறுகப் பார்க்கும். 0 டிகிரித் தாள் அகலத்தில் குறுக விரும்புகிறது, அதோடு ஒட்டிய 90 டிகிரித் தாள் விடாது. மேல்பாதியும் கீழ்பாதியும் கண்ணாடிப் பிம்பமாக இருந்தால் இந்த இழுபறி இரண்டு பக்கமும் சமமாகி, பலகை தட்டையாகவே நிற்கும். உள்ளே இறுக்கம் மட்டும் தங்கும். சமமில்லாவிட்டால் பலகை வளைந்துதான் ஆகவேண்டும்.

இரண்டு 0 டிகிரித் தாளின்மேல் இரண்டு 90 டிகிரித் தாளை ஒட்டி, அரை மில்லிமீட்டர் கனத்தில் வேகவைத்தால், ஆறியதும் அது சுமார் 15 சென்டிமீட்டர் ஆரத்தில் ஓடுபோல வளைந்துகொள்ளும். குதிரைச் சேணம்போல இருபுறமும் வளையும் என்றுதான் எளிய கணக்கு சொல்லும். ஆனால் மெல்லிய பலகைகள் ஒரு பக்கமாக உருண்ட ஓடாகவே நிற்பதையும், விரலால் அமுக்கினால் டப்பென்று மறுபக்க ஓடாகத் தாவுவதையும் மைக்கேல் ஹையர் 1981-இல் விளக்கினார். பார்க்க வேடிக்கையான பொருள். ட்ரோன் கையாக வந்தால் வேடிக்கை இல்லை.

பட்டறையில் இது பெரும்பாலும் எப்படி நேர்கிறதென்றால், தாளில் `[0/45/-45/90]s` என்று இருப்பதை வேகத்தில் வாசித்து, நடுவைத் தாண்டியதும் திருப்பி அடுக்காமல் மறுபடியும் 0, 45, −45, 90 என்று முதலிலிருந்தே அடுக்கிவிடுவது. எண்ணிக்கை சரியாக எட்டு, எடை சரி, மேல்தோற்றமும் சரி. இன்னொரு தவறு இதைவிட நுட்பமானது. +45 தாளைப் புரட்டி வைத்தால் −45 ஆகிவிடும். கறுப்புத் தாளில் எது எது என்று வித்தியாசம் தெரியாது. அதனால்தான் நல்ல பட்டறைகளில் தாளை வெட்டும்போதே எந்தப் பக்கம் மேலே என்று குறித்து, ஒட்ட ஒட்டப் புத்தகத்தில் அடித்துக்கொண்டே வருகிறார்கள்.

கோணலைப் பார்த்தே தவறை ஓரளவு ஊகிக்கலாம். சமதளக் கல்லின்மேல் பலகையை வைக்கும்போது அது ஓடுபோல ஒரு பக்கம் உருண்டிருந்தால் 0-வும் 90-ம் இடம் மாறியிருக்க வேண்டும். எதிரெதிர் மூலைகள் இரண்டு தரையைத் தொட, மற்ற இரண்டும் தூக்கி ஆடினால் 45-களில் பிசகு. உறுதி செய்ய ஓரத் துண்டை அறுத்து மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வெட்டுமுகத்துக்கு நேராக வரும் இழைகள் வட்டமாகவும், 45 டிகிரி இழைகள் முட்டை வடிவிலும், படுத்தவை கோடுகளாகவும் தெரியும். நேராக அறுத்தால் +45-ம் −45-ம் ஒரே முட்டையாகத்தான் தெரியும். அவற்றைப் பிரித்தறிய 45 டிகிரி சாய்த்து அறுக்க வேண்டும். கோணலான பலகையைச் சூடுகாட்டி நிமிர்த்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. வெந்த சூட்டுக்கு மீண்டும் கொண்டுபோனால் தட்டையாகும். ஆறினால் பழையபடி வளையும். போல்ட் போட்டு இறுக்கினால் நிமிரும், ஆனால் அந்த வளைவு உள்ளே சுமையாக எப்போதும் உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவது பிரச்சினை தாள்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவது. தாளின் தளத்துக்குள் இழைகள் இருக்கின்றன. தாளுக்கும் தாளுக்கும் நடுவே இருப்பதோ வெறும் பிசின். ட்ரோன் கை சுவரில் மோதிய பிறகு விளிம்பு இதழ் இதழாகப் பிரிந்து நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அது ஏன் பெரும்பாலும் விளிம்பில் தொடங்குகிறது என்பதை 1970-இல் பைப்ஸ், பகானோ என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

ஒரு பட்டையை நீளவாட்டில் இழுத்தால் அகலத்தில் ஒடுங்கும். ±45 ஜோடியைத் தனியாக இழுத்தால் நீண்ட அளவில் முக்கால் பங்கு ஒடுங்கும். 90 டிகிரித் தாள் ஒடுங்காது. இழையே குறுக்கே கிடக்கிறது. ஒட்டியிருக்கும்போது இரண்டும் சமரசம் செய்துகொண்டு ஒரே அளவு ஒடுங்க வேண்டும். பலகையின் நடுப்பகுதியில் அந்தச் சமரசம் நடந்துவிடுகிறது. வெட்டிய விளிம்பில் பிடித்துக்கொள்ள அப்பால் ஏதும் இல்லை. அதனால் அங்கே தாள்களைச் செங்குத்தாகப் பிரிக்கும், அல்லது அமுக்கும், ஒரு விசை எழுகிறது. இந்த விசை விளிம்பிலிருந்து ஏறக்குறைய பலகையின் கன அளவுக்கு மட்டும் உள்ளே பரவி அடங்கும். அகன்ற இறக்கைக்கு அது ஒரு ஓரக் கீற்று. 12 மில்லிமீட்டர் அகலமும் 4 மில்லிமீட்டர் கனமும் உள்ள ட்ரோன் கையிலோ, இரு பக்கமும் சேர்த்தால் மூன்றில் இரண்டு பங்கு அகலம் விளிம்புதான்.

பிரிக்குமா அமுக்குமா என்பதையும் வரிசையே முடிவு செய்கிறது. ±45 வெளியேயும் 90 நடுவிலும் உள்ள பலகையை இழுத்தால் நடுவில் தாள்கள் பிரியப் பார்க்கும். 90-ஐ வெளியே கொண்டுபோனால் அதே இழுவையில் அமுங்கும். ஆனால் இழுப்பதற்குப் பதில் நெருக்கினால் இரண்டும் தலைகீழ். ட்ரோன் கை தூக்குவிசையில் வளையும்போது அடிப்பக்கம் இழுபடுகிறது, மேல்பக்கம் நெருங்குகிறது; ஆகவே எந்த வரிசையும் எல்லா நேரத்துக்கும் காவல் அல்ல. உறுதியாகப் பயன் தருவது வேறொன்று: ஒரே கோணத் தாள்களைக் கட்டாகக் கூட்டி வைக்காமல் இருப்பது. கட்டின் கனம் இரட்டித்தால் விளிம்பில் பிரிவை வளர்க்கும் ஆற்றலும் ஏறக்குறைய இரட்டிக்கும். ஒரே கோணம் நான்குக்கு மேல் தொடர்ந்து வேண்டாம் என்ற விதி இதிலிருந்து வந்ததே.

மோதலில் நேரும் பிரிவு கொஞ்சம் வேறு. அடி விழுந்தால் கோணம் மாறும் இடைவெளிகளில்தான் தாள்கள் விடும். ஒரே கோணத் தாள்கள் இரண்டுக்கு நடுவே விடாது. கோணம் மாறும் இடங்கள் குறைவாக இருந்தால் பிளவுகளும் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் பெரிது. மேலே ஒரு சின்னத் தழும்புகூட இல்லாமல் உள்ளே பெரிய பிளவு இருக்கலாம். நாணயத்தால் தட்டிப் பார்த்தால் நல்ல இடம் கணீரென்றும் பிரிந்த இடம் மொத்தென்றும் ஒலிக்கும். விமானத்தில் இதே வேலையை நுணுக்கமாகச் செய்ய ஒலியலைப் பரிசோதனை உண்டு. ட்ரோன்காரர்கள் அறுத்த விளிம்பில் சூப்பர் க்ளூ தடவுகிறார்கள். இது விளிம்பு நார் எழும்புவதையும் ஈரம் ஏறுவதையும் தடுக்கும். தவறான வரிசையைத் திருத்தாது.

இவ்வளவையும் வைத்து அந்த ட்ரோன் கையை ஒருமுறை வடிவமைத்துப் பார்ப்போம். கை தனித்தனியாக அறுத்துப் போல்ட் போடும் வகை; நீளவாட்டை 0 என்று கொள்வோம். 4 மில்லிமீட்டர் கனம், 32 தாள். பாதியை மட்டும் எழுதினால் போதும்:

`[45/-45/0/0/0/90/45/-45/0/0/0/90/0/0/45/-45]s`

0 பாதி, 45-கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், 90 எட்டில் ஒரு பங்கு. வெளியே 45 ஜோடி வைத்ததற்குக் காரணம், கீறலும் அடியும் முதலில் படுவது அங்கே. சுமை தாங்கும் 0 தாள்கள் அதன் நிழலில் இருக்கட்டும். முறுக்கலுக்கும் வெளியே இருக்கும் 45-தான் அதிகம் உதவும். ஒரே கோணம் மூன்றுக்கு மேல் தொடரவில்லை. லேமினேட் கணக்குப்படி இந்தக் கையின் நீளவாட்டு வளைவு விறைப்பு சுமார் 84 கிகாபாஸ்கல். 0-வும் 90-ம் மட்டும் உள்ள பலகையில் இழை வாட்டத்தில் அறுத்த கைக்கு இது சுமார் 75. முதலில் சொன்னதுபோல் 45 டிகிரி சாய்த்து அறுத்ததற்கு 18. முறுக்கல் விறைப்பும் நேராக அறுத்த கையைவிட மூன்று மடங்குக்கு மேல். எடை மூன்றுக்கும் ஒன்றே.

கடையில் வாங்கும் பலகையில் மேலே தெரியும் அழகான நெசவு ஒரு தாள் மட்டுமே. உள்ளே வேறு கோணத்தில் வேறு தாள்கள் இருக்கலாம். ஆகவே வாங்கும்போது அடுக்கு வரிசையை எழுதிக் கேளுங்கள். சொல்லாவிட்டால், அறுக்கும் முன் பலகையின் ஓரத்திலிருந்து நீளவாட்டில், குறுக்கே, 45 டிகிரியில் என ஒரே அளவில் மூன்று பட்டைகளை வெட்டி, ஒரு முனையைப் பட்டறைப் பிடியில் இறுக்கி, மறுமுனையில் ஒரே எடையைத் தொங்கவிட்டு எவ்வளவு தாழ்கிறது என்று அளந்து பாருங்கள். குறைவாகத் தாழும் திசையில் கையை அறுங்கள்.